ஒரு பிக்சல்கூட மாறவில்லை என்பதற்கு என்ன சாட்சி?

ஒளிபரப்பு நிலையங்களின் அலமாரிகளில் இன்னமும் டிஜிட்டல் பீட்டாகேம் கேசட்டுகள் கிடக்கின்றன. 1993இல் சோனி வெளியிட்ட வகை அது. ஒரு மணி நேரக் கேசட்டை எந்தச் சுருக்கமும் செய்யாமல் கணினிக்குள் ஏற்றினால், படத்துக்கு மட்டும் சுமார் 99 ஜிபி பிடிக்கும். ஆயிரம் கேசட் வைத்திருக்கும் காப்பகத்துக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் அந்தப் பெரிய கோப்பை எஃப்.எஃப்.வி.1 என்ற முறையில் சுருக்கி, எம்.கே.வி. கோப்பாக மாற்றி வைக்கிறார்கள். படத்தைப் பொறுத்து அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். இது ‘லாஸ்லெஸ்’, அதாவது இழப்பில்லாத சுருக்கம். விரித்தால் பழைய படம் அப்படியே திரும்பி வர வேண்டும்.

வர வேண்டும், சரி. வந்ததா? பழைய 99 ஜிபி கோப்பை அழிக்கும் முன் காப்பாளர் இதற்கு விடை காண வேண்டும். இரண்டையும் ஓடவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு பிக்சலின் வெளிச்சம் ஒரு படி கூடியதோ குறைந்ததோ மனிதக் கண்ணுக்குத் தெரியாது.

கணினித் துறையில் இரண்டு கோப்புகள் ஒன்றா என்று பார்க்க ஹாஷ் போடுவது வழக்கம். எம்.டி.5 என்ற கணக்கு, எவ்வளவு பெரிய கோப்பையும் 32 எழுத்து நீளமுள்ள ஒரு குறியாகச் சுருக்கித் தரும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் குறி முழுவதும் வேறாகிவிடும். நகல் எடுக்கும்போது இது மிக நல்ல சோதனை. வடிவம் மாற்றிய கோப்பில் இது உதவாது. எம்.ஓ.வி. கோப்பும் எம்.கே.வி. கோப்பும் வட்டில் வேறு வேறு பைட்டுகளாக இருப்பதால் ஹாஷும் நிச்சயம் வேறாகத்தான் வரும். படம் அப்படியே இருக்கிறதா, சிதைந்துவிட்டதா என்று அது சொல்லாது. கோப்பின் தலைப்பில் ஒரு எழுத்தைத் திருத்தினாலே ஹாஷ் மாறிவிடுமே!

அமெரிக்க ஒலி-ஒளிக் காப்பாளர் டேவ் ரைஸ் 2012இல் ஒலி, ஒளிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்க இதழில் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. கோப்புக்கு ஹாஷ் போடுவதோடு நிறுத்தாமல், அதை விரித்து, வெளியே வரும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாக ஹாஷ் போடலாம். பெட்டி எதுவானால் என்ன, உள்ளே இருக்கும் படம் ஒன்றாக இருந்தால் குறிகளும் ஒன்றாக இருக்கும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இதற்கான வசதி இருக்கிறது. பெயர் ஃபிரேம் எம்.டி.5.

அந்தக் கேசட்டையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் புழங்கிய பால் முறைப் பதிவு. அகலம் 720 பிக்சல், உயரம் 576, நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொரு அளவும் 10 பிட். முதலில் மாற்றம்:

```
ffmpeg -i tape.mov -map 0:v -map 0:a -c:v ffv1 -level 3 -g 1 -slices 24 -slicecrc 1 -c:a copy tape.mkv
```

பிறகு இரண்டு கோப்புகளுக்கும் குறிப்பட்டியல்:

```
ffmpeg -i tape.mov -map 0:v -f framemd5 old.framemd5
ffmpeg -i tape.mkv -map 0:v -f framemd5 new.framemd5
```

இரண்டாவது பட்டியலை எடுக்கும்போது வட்டில் எழுதி முடித்த எம்.கே.வி. கோப்பையே திரும்பப் படிக்க வேண்டும். அப்போதுதான் சுருக்கியதில் வந்த பிழை, எழுதியதில் வந்த பிழை இரண்டும் சிக்கும். பட்டியல் சாதாரண எழுத்துக் கோப்பு. மேலே # குறியோடு சில தலைப்பு வரிகள் இருக்கும். அதன் கீழே ஃபிரேமுக்கு ஒரு வரி. மாதிரிக்கு இரண்டு:

```
0,  0,  0,  1,  1658880, 7c1e90b4d2a85f36e0197ab3c4582d6f
0,  1,  1,  1,  1658880, e83b06f1a97d42c5508ec1f7396b2ad4
```

முதல் எண் ஓடையின் எண். அடுத்த மூன்றும் நேரக் கணக்கு. ஐந்தாவது அந்த ஃபிரேம் விரிந்தபின் எத்தனை பைட் என்பது. கடைசியில் ஹாஷ். ஒரு மணி நேரப் படத்துக்கு 90,000 வரிகள் வரும். அத்தனையையும் கண்ணால் ஒப்பிட வேண்டியதில்லை. ஹாஷை மட்டும் வெட்டி எடுத்து டிஃப் கட்டளையிடம் கொடுத்தால் போதும்.

```
grep -v '^#' old.framemd5 | cut -d, -f6 > old.txt
grep -v '^#' new.framemd5 | cut -d, -f6 > new.txt
diff old.txt new.txt
```

டிஃப் எதுவும் சொல்லாமல் முடிந்தால் 90,000 ஃபிரேமும் பொருந்திவிட்டன என்று அர்த்தம். ஆனால் இரண்டு கோப்புகளிலும் வரிகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட வேண்டும். இரண்டும் காலியாக இருந்தாலும் டிஃப் பேசாமல்தான் இருக்கும்.

ஹாஷை மட்டும் வெட்டி எடுப்பதற்குக் காரணம் உண்டு. மாற்றத்தில் நடுவே ஒரு ஃபிரேம் விழுந்துவிட்டது என்று வையுங்கள். நேர எண்களோடு சேர்த்து ஒப்பிட்டால், அந்த இடத்துக்குப் பின் எல்லா வரியும் ஒன்று தள்ளிப்போய், பாதிப் படமே கெட்டதுபோலக் காட்டும். ஹாஷை மட்டும் ஒப்பிட்டால் ஒரே ஒரு வரி காணவில்லை என்று டிஃப் சரியாகச் சொல்லிவிடும்.

எல்லாம் பொருந்தாதபோது ஐந்தாவது எண் கைகொடுக்கிறது. 10 பிட் படத்தில் ஒவ்வொரு அளவும் இரண்டு பைட் பிடிக்கும். 720-ஐ 576-ஆல் பெருக்கி, வெளிச்சமும் நிறமும் சேர்த்து பிக்சலுக்கு இரண்டு அளவு, அளவுக்கு இரண்டு பைட் என்று கணக்கிட்டால் 1,658,880 வருகிறது. எம்.கே.வி. பட்டியலில் அது 829,440 என்று இருந்தால், யாரோ 10 பிட்டை 8 பிட்டாக்கிவிட்டார்கள். 622,080 என்றால் நிறத் தகவலிலும் பாதி போய்விட்டது. இப்படி நடப்பது அபூர்வம் இல்லை. வேறு வேலைக்கு எழுதிய கட்டளையில் இருந்த `-pix_fmt yuv420p` என்ற துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எஃப்.எஃப்.வி.1 தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கும்; தனக்கு வந்த 8 பிட் படத்தை இழப்பில்லாமல் காத்திருக்கும். இழப்பு நடந்தது அதற்கு முந்தைய படியில். ஆகவே கோப்பில் எஃப்.எஃப்.வி.1 என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து மாற்றம் இழப்பில்லாதது என்று முடிவுகட்டக் கூடாது.

ஒலியில் இதைவிட நுட்பமான பள்ளம் ஒன்று இருக்கிறது. ஃபிரேம் எம்.டி.5 தானாக விட்டால், எந்த ஒலியையும் 16 பிட்டுக்கு இறக்கிவிட்டுத்தான் ஹாஷ் போடும். டிஜிட்டல் பீட்டாகேம் ஒலியோ 20 பிட். கணினியில் 24 பிட்டாக எடுப்பார்கள். மாற்றியவர் தவறுதலாக 16 பிட்டில் எழுதிவிட்டார் என்றால் என்ன ஆகும்? சோதனை மூலத்தையும் 16 பிட்டுக்கு இறக்குகிறது, நகல் ஏற்கெனவே 16 பிட். இரண்டும் அழகாகப் பொருந்தும். இழந்தது இழந்ததுதான், சோதனையோ தேறிவிட்டது! அதனால் ஒலிக்கு எத்தனை பிட் என்று கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும்.

```
ffmpeg -i tape.mov -map 0:a -c:a pcm_s24le -f streamhash -hash md5 -
```

இந்தக் கட்டளை ஒவ்வொரு ஒலித்தடத்துக்கும் மொத்தமாக ஒரே ஹாஷ் தருகிறது. அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான். படத்தில் ஃபிரேம் என்பது இயல்பான எல்லை. ஒலியில் அப்படி எதுவும் இல்லை. ஒரு வடிவம் 1,024 மாதிரிகளை ஒரு கட்டாகக் கட்டும், இன்னொன்று 4,096-ஐக் கட்டும். ஒலி ஒரு துளியும் மாறாமலே கட்டுவாரி ஹாஷ்கள் எல்லாம் மாறிப்போய், காப்பாளருக்கு வீண் கவலைதான் மிஞ்சும்.

ஃபிரேம்வாரிப் பட்டியலின் உண்மையான மதிப்பு மாற்றம் முடிந்த அன்றைக்கு மட்டும் தெரிவதில்லை. பத்து ஆண்டு கழித்து வட்டில் ஒரு பிட் புரண்டுவிட்டது என்று கொள்வோம். முழுக்கோப்பு ஹாஷ் ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் சொல்லும். 40 ஜிபியில் எந்த இடம் என்று சொல்லாது. குறிப்பட்டியலோ 41,207 என்ற எண்ணுள்ள ஃபிரேம் மட்டும் மாறியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டும். நொடிக்கு 25 என்று வகுத்தால் 27 நிமிடம் 28 நொடி. கேசட்டோ இன்னொரு நகலோ இருந்தால் அந்த ஒரு ஃபிரேமை மட்டும் மீட்கலாம்.

சேதம் ஒரே ஃபிரேமோடு நிற்பதற்குக் காரணம், மேலே கட்டளையில் இருந்த `-g 1`. ஒவ்வொரு ஃபிரேமும் பக்கத்து ஃபிரேமைச் சாராமல் தனியே சுருக்கப்படுகிறது. `-slices 24` அந்த ஃபிரேமையும் 24 துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சரிபார்ப்பு எண் வைக்கிறது. துண்டு கெட்டால் எஃப்.எஃப்.எம்பெக் எச்சரிக்கை எழுதிவிட்டு, முந்தைய ஃபிரேமின் அதே பகுதியை அங்கே ஒட்டிக் காட்டும். பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது. ஹாஷ் மட்டும் ஏமாறாது.

எம்.டி.5 உடைக்கப்பட்ட முறைதானே என்று சிலர் கேட்பார்கள். 2004இல் சீன ஆய்வாளர்கள், ஒரே ஹாஷ் வரும்படி இரண்டு வேறு கோப்புகளை வேண்டுமென்றே உருவாக்கிக் காட்டினார்கள் என்பது உண்மை. இங்கே யாரும் சதி செய்யவில்லை. தற்செயலாக இரண்டு வேறு ஃபிரேம்களுக்கு ஒரே குறி அமைவது நடைமுறையில் நடக்காத காரியம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் `-f framehash -hash sha256` என்று எழுதிக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைக்கு எல்லை இருக்கிறது. ஹாஷ் பிக்சல்களை மட்டுமே பார்க்கிறது. படத்தை 4:3 விகிதத்தில் காட்ட வேண்டும் என்ற குறிப்பு, இடைக்கோட்டு முறையில் எந்தப் புலம் முதலில் என்ற குறிப்பு, டைம்கோடு ஆகியவை தொலைந்தாலும் 90,000 வரியும் பொருந்தும். அவற்றை மீடியாஇன்ஃபோ போன்ற கருவியில் தனியாகப் பார்த்தாக வேண்டும். வேறுபாடு எவ்வளவு என்றும் ஹாஷ் சொல்லாது. ஒரு பிக்சல் மாறினாலும் முழுப் படமும் மாறினாலும் பதில் ஒன்றுதான். எம்.பி.4 போன்ற இழப்புள்ள நகலை மூலத்தோடு இந்த முறையில் ஒப்பிட்டால் வரிகள் பொருந்தாது. அந்த வேலைக்குத் தர அளவீடுகள் வேறு இருக்கின்றன.

குறிப்பட்டியல் சில மெகாபைட்தான் பிடிக்கும். சோதனை முடிந்ததும் அதை அழித்துவிடாமல் எம்.கே.வி. கோப்போடு சேர்த்தே வையுங்கள். நாளைக்கு எஃப்.எஃப்.வி.1 வழக்கொழிந்து, கோப்பை இன்னொரு வடிவத்துக்கு மாற்ற நேர்ந்தால், அழித்துவிட்ட அந்த 99 ஜிபி மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருக்கப்போவது இந்தப் பட்டியல் மட்டும்தான்.