ராகு காலத்துக்கு யார் காசு கொடுப்பார்?

தினசரி காலண்டர் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் திறந்து, ராகு காலம் எப்போது, இன்று முகூர்த்த நாளா என்று பார்த்துவிட்டு பத்து நொடியில் மூடிவிடுகிறோம். இதைச் செய்தவர் எதில் சம்பாதிக்கிறார்?

முதலில் விளம்பரம். ஆயிரம் முறை காட்டினால் 20 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு விளம்பரம் பார்க்கிறவர் மாதத்தில் 60 பார்ப்பார். அவரால் வருவது 1 ரூபாய் 20 காசு. பத்தாயிரம் பேர் தினமும் திறந்தால்தான் மாதம் 12,000 ரூபாய் தேறும். போதவில்லையே என்று முழுத்திரை விளம்பரத்தைப் போட்டு ராகு காலத்தை மறைத்தால், ஆள் வேறு காலண்டருக்குப் போய்விடுவார். நண்பர்களை விட்டு விளம்பரத்தைத் தட்டச் சொல்வது அதைவிட ஆபத்து. கூகுள் கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடும்.

விளம்பரத் தொல்லை வேண்டாம் என்பவரிடம் ஒரே முறை 200 ரூபாய் வாங்கலாம். கூகுள் பிளே 15 சதவீதம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 170 (வரி தனி). அதே ஆள் விளம்பரம் பார்த்தே இந்த 170ஐத் தர ஏறக்குறைய 12 வருடம் ஆகும்! லாபம்தான். ஆனால் பஞ்சாங்கத்தை வருடா வருடம் ஏற்ற வேண்டும், புதுப் போன்களுக்கு ஏற்றபடி ஆப்பைத் திருத்த வேண்டும். அவரிடமிருந்து மறுபடி காசு வராது. இலவசமாகப் பழகிய கையில் ஒரு முறை பணம் வாங்குவதும் லேசில்லை. 2016இல் சூப்பர் மரியோ ரன் விளையாட்டை 9.99 டாலருக்கு விற்ற நிண்டெண்டோ, 20 கோடி பதிவிறக்கம் ஆன பிறகும் லாபம் திருப்தியாக இல்லை என்றே சொன்னது.

அப்படியானால் மாதம் 30 ரூபாய் சந்தா? காகிதத்தில் இதுதான் அழகு. ஆனால் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மாதா மாதம் அந்த எஸ்எம்எஸ் வரும்போது, ‘தேதி பார்க்கவா 30 ரூபாய்?’ என்று தோன்றாமல் இருக்குமா? புதுப் பாட்டு, புதுப் படம் என்று வந்துகொண்டே இருக்கும் ஆப்புக்குத்தான் சந்தா நிற்கும்.

காலண்டருக்குப் பொருந்துவது நான்காவது வழி என்பேன்: ஆப் இலவசம், உள்ளே சில சேவைக்கு மட்டும் கட்டணம். பத்துப் பொருத்தம் பார்த்துத் தர 50 ரூபாய் என்றால், பெண்ணுக்கு வரன் தேடும் வீட்டில் யோசிக்க மாட்டார்கள். இருபது ஜாதகம் வந்தால் இருபது முறை கட்டுவார்கள். ஆயிரம் பேரில் இப்படி ஐந்து வீடு இருந்தாலே, அவர்கள் கட்டுவது மொத்தம் 5,000 ரூபாய். அந்த ஆயிரம் பேரும் மாதம் முழுக்க விளம்பரம் பார்த்தாலும் 1,200தான்.

கல்யாணம் முடிந்ததும் அந்த வீட்டின் வரவு நின்றுவிடும். ராகு காலம் பார்க்க மட்டும் ஆப் போனில் கிடக்கும், அடியில் ஒரு விளம்பரத்தோடு.