சந்தா தவறினால் என்ன ஆகும்?

புக்கிட் பாஞ்சாங்கில் வசிக்கும் ஒருவரின் ஆயுள் காப்புறுதிச் சந்தா, மாதந்தோறும் 5ஆம் தேதி ஜைரோ மூலம் கழிக்கப்படுகிறது என வைத்துக்கொள்வோம். மார்ச் 5ஆம் தேதி அவரது வங்கிக் கணக்கில் போதிய பணம் இல்லை. எனவே, கட்டண வரலாற்றில் மார்ச் மாதத்திற்கு நேரே, செலுத்திய தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக உள்ளது.

ஆயினும், காப்புறுதி உடனே நின்றுவிடாது. சிங்கப்பூரில் பல ஆயுள் காப்புறுதித் திட்டங்கள் 30 நாள் சலுகைக் காலம் அளிக்கின்றன. அதன்படி, ஏப்ரல் 4ஆம் தேதிவரை பாதுகாப்பு நீடிக்கும். அதற்குள் அவர் இறந்தால், நிலுவைச் சந்தாவைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையை நிறுவனம் குடும்பத்திற்கு வழங்கும்.

அதன் பின்னரும் செலுத்தாவிட்டால், ரொக்க மதிப்பு இல்லாத திட்டம் காலாவதியாகிவிடும். அதைப் புதுப்பிக்க நிலுவைத் தொகை மட்டும் போதாது; உடல்நல விவரங்களையும் தெரிவிக்க வேண்டும். இடையில் நோய் வந்திருந்தால், நிறுவனம் மறுக்கலாம்.