கைக்குத்தல் அரிசியும் கஞ்சி வடித்த சோறும்

உடலுக்கு நல்லது என்று பலரும் தேடி வாங்கும் பழுப்பு அரிசியில் வெள்ளை அரிசியைவிட ஆர்சனிக் கூடுதலாக இருக்கிறது என்பது உண்மைதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிலோ வெள்ளை அரிசியில் சராசரியாக 92 மைக்ரோகிராம் கனிம ஆர்சனிக் இருந்தது. பழுப்பு அரிசியில் 154. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆர்சனிக்கில் பல வடிவங்கள் உண்டு. நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய்க்கு வழிவகுப்பது இந்தக் கனிம வடிவம்தான்.

நெல்லுக்கு இது எப்படி வருகிறது? வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குக் காற்று கிடைப்பதில்லை. அந்த நிலையில் மண்ணிலுள்ள இரும்புச் சேர்மங்கள் சிதைந்து, அவற்றோடு ஒட்டியிருந்த ஆர்சனிக் நீரில் கரைகிறது. நெற்பயிர் தண்டின் உறுதிக்காக மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய உறிஞ்சும் பயிர். அதே வழியாக ஆர்சனிக்கும் உள்ளே நுழைந்துவிடுகிறது. கோதுமை இப்படித் தேங்கிய நீரில் வளர்வதில்லை என்பதால் அதில் இந்தச் சிக்கல் குறைவு. மணிக்குள் வந்த கனிம ஆர்சனிக் சீராகப் பரவுவதில்லை, தவிட்டில்தான் பெரிதும் தங்குகிறது. ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் போய்விடுகிறது. நார்ச்சத்தும் வைட்டமின்களும் சேர்ந்தே போகின்றன. தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்த சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டாத அரிசிக்கு 350 வரை அனுமதிப்பதும் இதனால்தான்.

ஆனால் கடையில் வாங்கும் அளவு அப்படியே தட்டுக்கு வருவதில்லை. நடுவில் சமையல் இருக்கிறது.

மேற்கு வங்க அரிசியை வைத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, நம் வீடுகளுக்கும் பழக்கமான முறையைச் சோதித்தது. நீர் தெளியும்வரை அரிசியைக் களைந்து, ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு நீர் விட்டு வேகவைத்து, கஞ்சியை வடித்தார்கள். 57 சதவீதம் வரை ஆர்சனிக் வெளியேறியது. ஏறத்தாழ பாதி களைந்த நீரிலும் மீதி கஞ்சியிலும் போயிருந்தது. அளந்து நீர் விட்டு, வடிக்காமல் வேகவைத்தபோது களைந்ததில் போனது மட்டுமே போனது. குக்கர் சாதத்தின் நிலையும் இதுதான். உள்ளே விட்ட நீர் முழுவதும் சோற்றிலேயே நிற்கிறது. களைவதை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஸ்காட்லாந்தின் அபெர்டீன் பல்கலைக்கழகச் சோதனையில், பாஸ்மதியைக் கழுவியபோது சுமார் 10 சதவீதமே குறைந்தது.

பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2020இல் இதையே சற்று மாற்றிச் செய்தார்கள். ஒரு கப் அரிசிக்கு நான்கு கப் நீரைக் கொதிக்கவைத்து, அதில் அரிசியைப் போட்டு ஐந்து நிமிடம் கொதித்ததும் அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு கப் புது நீர் விட்டு, சிறு தீயில் நீர் வற்றும்வரை வேகவிட வேண்டும். பழுப்பு அரிசியில் 54, வெள்ளை அரிசியில் 73 சதவீதம் கனிம ஆர்சனிக் குறைந்தது. அமெரிக்கச் சராசரியோடு சேர்த்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால் பழுப்பு அரிசியின் 154 சுமார் 71 ஆகிறது. வடிக்காமல் பொங்கிய வெள்ளை அரிசியின் 92ஐவிட இது குறைவு. பழுப்பு அரிசி சாப்பிடுகிறவர்கள் அதைக் கைவிடத் தேவையில்லை, சமைக்கும் விதத்தை மாற்றினால் போதும் என்றே இந்தக் கணக்கு சொல்கிறது. நீரைக் கொட்டும்போது பி வைட்டமின்களில் ஒரு பகுதி போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

இவையெல்லாம் சமைக்கும் நீர் நல்ல நீராக இருந்தால்தான். வங்க டெல்டாவின் பல ஊர்களில் அடிகுழாய் நீரிலேயே ஆர்சனிக் இருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 50 மைக்ரோகிராம் உள்ள நீரில் 100 கிராம் அரிசியை வேகவைத்து, அது 200 மில்லி நீரைக் குடித்தால், 10 மைக்ரோகிராம் ஆர்சனிக் சோற்றில் ஏறிவிடும். அந்த 100 கிராம் வெள்ளை அரிசியில் முன்பே இருந்தது ஏறக்குறைய 9. ஒரே வேளைச் சமையலில் இருமடங்கு! அத்தகைய நீரில் எத்தனை முறை களைந்தாலும் பயன் சொற்பமே. கொதிக்கவைத்தாலும் ஆர்சனிக் ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். நிறமோ மணமோ சுவையோ அதைக் காட்டிக்கொடுக்காது என்பதால், அங்கெல்லாம் அரிசியைவிட முதலில் சோதிக்க வேண்டியது குழாய் நீரை. வடித்த கஞ்சியைக் குடிக்கிற வீடுகளில் அரிசியிலிருந்து இறங்கிய ஆர்சனிக் மறுபடியும் வயிற்றுக்கே போகிறது. ஆர்சனிக் மிகுந்த பகுதிகளில் அந்தக் கஞ்சியைக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் கொட்டிவிடுவதே நல்லது.