உள்ளங்கையில் பெயரில்லா மாத்திரைகள்

உள்ளங்கையில் நாலைந்து மாத்திரைகள். மஞ்சளாக, வட்டமாக, சின்னதாக. அட்டையும் இல்லை, சீட்டும் இல்லை. அந்தப் படத்தை மட்டும் எடுத்து, ஒரு வரிகூட எழுதாமல் மருத்துவருக்கோ தெரிந்த மருந்துக் கடைக்காரருக்கோ அனுப்பிவிடுகிறவர்கள் பலர். இது என்ன மாத்திரை என்பதுதான் கேள்வி என்று பார்ப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்குப் படத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்வது ஆபத்து. முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும், அதனுடனேயே எழுதித்தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல தயாரிப்புகளில் சிறிய மஞ்சள் வட்டங்கள்தான். மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே சாப்பிட வேண்டும். ஃபோலிக் அமிலம் அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரப்படும் வைட்டமின். அதைத் தினமும் சாப்பிட்டாலும் பெரிய கெடுதல் இல்லை.

வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிற ஒருவருக்கு அது 2.5 மி.கி. மாத்திரை ஆறு. இரண்டு மருந்தையும் அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் போட்டுவைத்திருக்கிறார். படத்தைப் பார்த்தவர் "இது வைட்டமின், தினமும் ஒன்று போடுங்கள்" என்றுவிட்டால், ஏழு நாளில் உள்ளே போவது 17.5 மி.கி. கணக்குக்குப் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் இங்கே இடைவெளிதான் பாதுகாப்பு. எலும்பு மஜ்ஜையும் வாயின் உட்தோலும் மீண்டும் வளர மீதி ஆறு நாள் தேவை. தினமும் மருந்து விழுந்தால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கசிவு என்று அது வெளிப்படும்; சிறுநீரகம் பலவீனமானவருக்கு விரைவாகவே, உயிரைப் பறிக்கும் அளவுக்கும் போகும்.

படமும் துணை செய்வதில்லை. பக்கத்தில் அளவு தெரிந்த பொருள் இல்லாவிட்டால் மாத்திரையின் அளவு பிடிபடாது. குழல்விளக்கில் வெள்ளைகூட இளமஞ்சளாகத் தெரியும். கைப்பேசி தானாக நிறத்தைத் திருத்துவது வேறு. கவிழ்ந்திருக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. அமெரிக்காவில் பெரும்பாலான மாத்திரைகளில் தயாரிப்பாளரையும் மருந்தையும் காட்டும் குறியீடு பொறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கேகூட போலி மாத்திரைகளில் அதே குறியீட்டைப் பொறித்துவிடுகிறார்கள். நம் ஊரில் கிடைக்கும் பல மாத்திரைகளில் எழுத்தே இருப்பதில்லை. பெயர், அளவு, காலாவதித் தேதி எல்லாம் அட்டையில்தான். கடையில் நாலு மாத்திரை வெட்டித்தரும்போது அந்த எழுத்துள்ள ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது.

எனவே படத்தோடு போக வேண்டியவை அட்டையின் பின்புறம், மருத்துவர் எழுதிய சீட்டு, கடை ரசீது, யாருக்காக வாங்கியது என்ற விவரம். இவை எதுவும் இல்லாத மாத்திரையைச் சாப்பிடாமல் மருந்தாளுநரிடம் கொடுத்துவிட்டு, புதிய சீட்டுக்கு வாங்குவதே வழி. குழந்தை எதையாவது விழுங்கியிருந்தால், பெயர் தெரியும்வரை காத்திருக்காமல், மிச்ச மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.