உஷார்! குட்டியின் உதட்டுப் பொருக்கை வெறுங்கையால் தொடாதீர்கள்

அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்தில் ஆடு வளர்ப்பவர்களே, இன்று சாயங்காலம் பட்டியில் அடைக்கும்போது ஒவ்வொரு குட்டியின் கடைவாயையும் பாருங்கள். உதட்டோரத்தில் கரும்பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால், "முள்ளு குத்தியிருக்கும், தானா ஆறிடும்" என்று விட்டுவிடாதீர்கள். நகத்தால் கிள்ளிப் பிய்க்கவும் செய்யாதீர்கள். அது தொற்று வாய்ப்புண்ணாக இருக்கலாம். கால்நடை மருத்துவர்கள் இதை ஆர்ஃப் என்பார்கள். அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ்தான் காரணம். வெள்ளாடு, செம்மறி இரண்டையும் இது தாக்கும். ஆட்டைக் கையாளும் மனிதருக்கும் தொற்றும்.

இந்த நோயில் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. காய்ந்து கிடக்கும் அந்தப் பொருக்குக்குள் வைரஸ் உயிரோடு இருக்கிறது. புண் ஆறி, பொருக்கு உதிர்ந்து தரையில் விழுந்த பிறகும் அது சாவதில்லை. ஈரம் படாத கொட்டாய் மூலையில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கிலும் காத்திருக்கும். போன வருடம் வந்த வாய்ப்புண், புது ஆடு எதுவும் வாங்காமலே இந்த வருடக் குட்டிகளுக்கும் வருவதற்குக் காரணம் இதுதான்.

எப்படித் தெரியும்?

இந்த வைரஸ் நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு போகாது. ஒரு கீறல் வேண்டும். கரட்டிலும் ஏரிக்கரையிலும் மேயும் குட்டிக்குச் சீமைக்கருவேல முள்ளும் காய்ந்த சோளத்தட்டையின் விளிம்பும் உதட்டைக் கீறிவிடும். அந்த வழியாக வைரஸ் உள்ளே போன சில நாட்களில் கடைவாய் சிவந்து தடிக்கும். பிறகு சின்னச் சின்ன முண்டுகள் எழும்பும், நீர் கோக்கும், சீழ் பிடிக்கும். ஒரு வாரத்துக்குள் எல்லாம் உடைந்து காய்ந்து பொருக்காகிவிடும். முற்றிய புண் பாகற்காய்த் தோலைப் போல முண்டும் முடிச்சுமாக இருக்கும். பொருக்கைப் பிய்த்தால் அடியில் செக்கச்செவேல் என்று சதை தெரியும், ரத்தம் கசியும்.

பெரும்பாலும் உதட்டிலும் மூக்கைச் சுற்றியும்தான் புண் இருக்கும். சில குட்டிகளுக்குக் காது மடல், கண்ணிமை, குளம்புக்கு மேல் தோல் சேரும் இடம் ஆகியவற்றிலும் வரும். குளம்பில் வந்தால் நொண்டும். ஈறிலும் நாக்கிலும் வந்தால் அது கடுமையான வகை. சிக்கல் இல்லாவிட்டால் 3 முதல் 4 வாரத்தில், அதிகம் போனால் 6 வாரத்தில், பொருக்கு தானாக உதிர்ந்து தழும்பில்லாமல் ஆறும்.

ஒரு பட்டியில் இது எப்படிப் பரவுகிறது?

12 தாய் ஆடுகளும் 18 குட்டிகளும் உள்ள ஒரு பட்டியை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தையில் பால் மறந்த குட்டிகள் இரண்டு வாங்கி வருகிறீர்கள். அதில் ஒன்றின் கடைவாயில் அரிசி அளவுக்கு ஒரு பொருக்கு. கொழுகொழுவென்று இருக்கிறது, நன்றாகத் தின்கிறது, சந்தேகம் வரவில்லை. அன்று ராத்திரியே மற்றவற்றோடு அடைத்துவிடுகிறீர்கள்.

அந்தக் குட்டி வாய் வைத்த தீவனத் தொட்டியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் மற்றவையும் வாய் வைக்கும். அடுத்த வாரக் கடைசியில் நாலைந்து குட்டிகளுக்கு உதடு தடிக்கும். அவற்றில் சில இன்னும் பால் குடிப்பவை. புண்ணான வாயோடு முட்டி முட்டிக் குடிக்கும்போது தாயின் காம்பிலும் நோய் ஏறுகிறது. காம்பில் புண் வந்த தாய் வலி தாங்காமல் குட்டியை உதைத்துத் தள்ளும். பால் கறக்காமல் மடியில் தங்கும். புண் வழியே பாக்டீரியா புகுந்தால் மடிநோய் வரும். மூன்றாவது வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குட்டிகளின் வாயில் பொருக்கு இருக்கும்.

இந்த நோயில் குட்டி சாவது பெரும்பாலும் வைரஸால் அல்ல, பட்டினியால். வாய் வலிக்கிறது, மேய முடியவில்லை. தாய் கிட்டே விடவில்லை, குடிக்க முடியவில்லை. அதற்கு மேல் புண்ணில் சீழ் பிடித்தாலோ ஈ முட்டையிட்டுப் புழு வைத்தாலோ நிலைமை கைமீறும். ஆகவே வாய்ப்புண் வந்த பட்டியில் தினமும் கேட்க வேண்டிய கேள்வி "புண் ஆறுகிறதா?" என்பதை விட, "இந்தக் குட்டி இன்றைக்கு வயிறு நிறையக் குடித்ததா?" என்பதுதான். விலாவுக்குப் பின்னால் பள்ளம் விழுந்திருந்தால், குட்டி ஓரமாகத் தலை தொங்கி நின்றால், அது பசியோடு இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

புண் உள்ளதைப் பார்த்த அந்த மணியிலேயே பிரித்துக் கட்டுங்கள். பால்குடிக் குட்டி என்றால் தாயோடு சேர்த்துப் பிரித்துவிடுங்கள். அதை வேறு தாயிடம் ஊட்ட விடாதீர்கள், அந்தக் காம்புக்கும் நோய் போகும். முதலில் நல்ல ஆடுகளுக்குத் தீவனம் வையுங்கள், நோயுள்ளவற்றைக் கடைசியாகக் கவனியுங்கள்.

தாயிடம் குடிக்க முடியாத குட்டிக்குக் காய்ச்சி ஆறவைத்த, வெதுவெதுப்பான பாலைப் புட்டியில் கொடுங்கள். ஒரு நாளைக்குக் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 4 கிலோ குட்டிக்கு 400 முதல் 600 மில்லி, அதை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தலையை அண்ணாக்கப் பிடித்து வாயில் ஊற்றாதீர்கள். பால் நுரையீரலுக்குள் போனால், புண்ணில் பிழைத்த குட்டி அதில் செத்துவிடும். மேயும் வயதுக் குட்டிக்குக் காம்பு நீக்கிய இளம் அகத்தி, முருங்கை இலையும் ஆறிய கஞ்சியும் கொடுக்கலாம். திடீரென்று நிறையச் சோறோ தானியமோ வைத்தால் வயிறு உப்பும், அளவோடு வையுங்கள்.

புண்ணைக் கழுவக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள். வாய்க்குள் புண் இருந்தால் போரோகிளிசரின் தடவலாம். வெளிப்புண்ணில் ஈ மொய்க்காமல் இருக்க மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெய் உதவும். பொருக்கு தானாக உதிரட்டும். உப்புப் போட்டுத் தேய்ப்பது, செங்கல்லால் ரத்தம் வர உரசுவது, சூடு போடுவது எல்லாமே புண்ணைப் பெரிதாக்கும், வைரஸை உங்கள் கைக்கும் கொண்டுவரும். வைரஸைக் கொல்லும் ஊசி கிடையாது. சீழ், காய்ச்சல், மூச்சிரைப்பு இருந்தால், கூடச் சேர்ந்த பாக்டீரியாவுக்காக மருத்துவர் மருந்து போடுவார். அதை நீங்களாகக் கடையில் வாங்கிப் போட வேண்டாம்.

உங்கள் விரலில் வந்தால்

புட்டிப்பால் கொடுக்கும்போதும், மருந்து தடவும்போதும், காம்பைப் பிடித்துக் கறக்கும்போதும் கையில் ஒரு சிறு வெட்டுக்காயம் இருந்தால் போதும். 3 நாள் முதல் ஒரு வாரத்துக்குள் விரலில் சிவந்த கொப்புளம் ஒன்று எழும்பும். நடுவில் வெளுத்து, சுற்றிச் சிவப்பு வளையம் போட்டுப் பெரிதாகும். பிறகு நீர் கசிந்து பொருக்குத் தட்டும். அக்குளில் நெறி கட்டலாம், லேசான காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் 6 வாரத்துக்குள் தானாக ஆறிவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனாலும் மூடிக் கட்டி வையுங்கள், கண்ணில் கை வைக்காதீர்கள்.

ஆபத்து எங்கே வருகிறது? சீழ்க்கட்டி என்று நினைத்து அறுத்துவிடும்போது. அறுவையால் இது சீக்கிரம் ஆறாது, புதிதாகக் கிருமி சேரத்தான் வழி. இன்னொரு பக்கம், ஆட்டிலிருந்து வரும் அடைப்பான் நோயும் தோலில் கருத்த பொருக்காகத் தெரியும். அது உயிரை வாங்கக்கூடியது. இரண்டையும் பிரித்தறிய வேண்டியவர் மருத்துவர். அவரிடம் போய் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "எங்க பட்டியில குட்டிங்களுக்கு வாய்ப்புண் இருக்குதுங்க, இந்தக் கையாலதான் மருந்து போட்டேன்" என்று சொல்லுங்கள். பட்டியில் ஆடு ஏதாவது திடீரென்று செத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆடு வளர்க்காதவர்களுக்கும் இது வருவதுண்டு. துருக்கியில் பக்ரீத் குர்பானிக்குப் பிறகு கையில் இந்த வைரஸ் புண்ணோடு மருத்துவமனைக்கு வருபவர்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2005-இல் எழுதினார்கள். அறுக்கும்போதும் தோலுரிக்கும்போதும் கத்தி பட்ட கை அது. நம் ஊரில் ஆடித் திருவிழாக் கிடாவெட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வாயில் பொருக்குள்ள ஆட்டை அன்றைக்கு அறுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கையில் கரப்பான் உள்ள குழந்தைகள் நோயுள்ள குட்டியின் பக்கமே போக வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் புண் பெரிதாகி நீடிக்கும்.

வாய்ப்புண் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

ஆட்டுக்கொல்லி நோயிலும் வாய் புண்ணாகும். ஆனால் அதில் கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், கழிச்சல், இருமல் சேர்ந்து வரும். புண் முதலில் வாய்க்குள் தோன்றும், பெரிய ஆடுகளும் விழும். ஆட்டம்மையில் வாலடி, தொடையிடுக்கு என்று மயிர் குறைந்த இடமெல்லாம் கொப்புளம் வரும். இரண்டு நோய் ஒன்றாக வருவதும் உண்டு. எனவே காய்ச்சலோ கழிச்சலோ கண்டால் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962-ஐ அழையுங்கள். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பொருக்கைச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

ஆட்டுக்கொல்லிக்கும் ஆட்டம்மைக்கும் போட்ட ஊசி இந்த வாய்ப்புண்ணைத் தடுக்காது. ஒருமுறை வந்து ஆறிய ஆட்டுக்கும் மறுபடி வரலாம், பெரும்பாலும் லேசாக. தாயின் சீம்பாலும் குட்டியை இதிலிருந்து முழுதாகக் காப்பதில்லை. ஆகவே நம் கையில் இருக்கும் தடுப்பு இரண்டுதான். சந்தையில் வாங்கும் குட்டியின் உதட்டை விரித்துப் பார்த்து வாங்கி, 3 வாரம் தனியே கட்டிய பிறகே பட்டியில் சேர்ப்பது ஒன்று. நோய் முடிந்ததும் கொட்டாயின் தரையைச் சுரண்டி, உதிர்ந்த பொருக்கையும் கழிவுத் தீவனத்தையும் அள்ளி எரிப்பது இன்னொன்று. அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவிய பிறகு தொட்டிகளையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். சாணி மேலேயே பவுடரைத் தூவினால் பலன் இல்லை. இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த ஈற்றுக் குட்டிகள் பிறக்கும்போது நோய் அதே தரையில் காத்திருக்கும்.