குறுஞ்செய்தியில் தமிழ் எழுத்தின் அளவு

கல்லூரியிலிருந்து பெற்றோருக்குச் செல்லும் அறிவிப்பு, ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியாக அடங்குகிறது. அதே செய்தி தமிழில் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிகிறது. கட்டணமும் பகுதிக்கு ஒன்றாகப் பெருகுகிறது. இதன் காரணத்தையும், அளவுக்குள் எழுதும் முறையையும் ஈண்டுக் காண்போம்.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். அதாவது 1120 பிட். செல்பேசித் தரத்தின் இயல்பான எழுத்துப் பட்டியலில் ஒவ்வொரு குறிக்கும் 7 பிட் போதும். ஆகவே 160 குறிகள் அடங்கும். அப்பட்டியலில் இருப்பவை 128 இடங்களே. அவற்றுள் தமிழுக்கு இடமில்லை. தமிழுக்கென ஒரு பட்டியல் தரத்தில் பின்னர் சேர்க்கப்பட்டதெனினும், அனுப்புவோர், வலையமைப்பு, பெறுவோர் கருவி ஆகிய மூன்றும் அதனை ஏற்றாலன்றிப் பயனில்லை. எனவே நடைமுறையில் தமிழ் ஒருங்குறியிலேயே செல்கிறது. அங்கு ஒரு குறிக்கு 16 பிட். 1120-ஐ 16-ஆல் வகுத்தால் 70 குறிகள்தாம். ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரேயொரு தமிழெழுத்து வந்தாலும் செய்தி முழுவதும் இந்த 70 என்னும் கணக்கிற்கு மாறிவிடும்.

செய்தி 70-ஐத் தாண்டினால் பகுதிகளாகப் பிரியும். அவற்றை வரிசையாக இணைப்பதற்கான குறிப்பு, ஒவ்வொரு பகுதியிலும் 6 பைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆதலின் பகுதிக்கு 67 குறிகளே எஞ்சும். 71 குறிகள் கொண்ட செய்தி இரண்டு செய்திகளாகக் கணக்கிடப்படுவது இதனாலேயே.

இனி, குறி என்பது எது? இலக்கணத்தில் 'க்' என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' பிறக்கிறது. ஒருங்குறியிலோ 'க' என்பதே முதல்; அதன்மேல் புள்ளி சேர்ந்து 'க்' ஆகிறது. எனவே உயிரெழுத்து, ஆய்தம், அகரமேறிய உயிர்மெய் ஆகியவை ஒவ்வொன்றும் 1. மெய்யெழுத்தும் ஏனைய உயிர்மெய்களும் 2. அரை மாத்திரை பெறும் மெய், இங்கே இரண்டு இடம் பெறுகிறது! 'க்ஷ' 3, 'ஸ்ரீ' 4. எண், இடைவெளி, நிறுத்தக்குறி ஆகியவை தலா 1.

ஓர் எடுத்துக்காட்டு:

"அன்புள்ள பெற்றோர்களே, கனமழையின் காரணமாக நாளை நமது கல்லூரிக்கு விடுமுறை அளிக்கப்படுகிறது என்பதைத் தெரிவித்துக் கொள்கிறோம்."

இதில் 121 குறிகள் உள்ளன. ஆகவே இரண்டு பகுதிகள். ஆயிரம் பெற்றோருக்கு அனுப்பினால் இரண்டாயிரம் செய்திக்குரிய கட்டணம் ஆகும். முதற்பகுதி எங்கே முடிகிறது என்று எண்ணிப் பார்த்தால் 'விடுமுறை' என்னும் சொல்லின் நடுவே, 'விடும' என்பதோடு முடிகிறது. 'மு'வின் உகரக்குறி அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது. கருவி இரண்டையும் இணைத்துக் காட்டினால் குறையில்லை. ஒரு பகுதி வரத் தாமதமானாலோ, கருவி தனித்தனியே காட்டினாலோ, பெற்றோர் அறியவேண்டிய ஒரே சொல் சிதைந்துபோகும். அன்றியும், செய்தி பிந்திக் கிடைத்தால் 'நாளை' எந்த நாள் என்பதும் ஐயமாகும்.

இதனையே பின்வருமாறு எழுதலாம்:

"12.11 புதன் கல்லூரி விடுமுறை. காரணம் கனமழை. 13.11 வகுப்பு உண்டு."

இதில் 64 குறிகளே. முன்னதில் இல்லாத தேதியும், மீண்டும் வகுப்பு தொடங்கும் நாளும் இதில் உள்ளன. இடம் கிடைத்தது எவ்வாறு? 'அளிக்கப்படுகிறது' முதல் இறுதி வரை 50 குறிகள்; விளிச்சொற்கள், இடைவெளியுடன் 22. இவ்விரண்டும் செய்தி சொல்லவில்லை. முடிவை முதலிலும் காரணத்தைப் பின்னும் வைத்ததால், இறுதியில் ஏதேனும் குறைந்தாலும் முதன்மையான செய்தி நிற்கும்.

சுருக்கினால் மரியாதை குன்றுமோ என்று மூத்தோர் வினவக்கூடும். நம் மொழியின் வியங்கோள் இதற்கு விடை தருகிறது. 'வருகை தருமாறு கேட்டுக்கொள்கிறோம்' 32 குறிகள்; 'வருக' 4 குறிகள். சுருக்கத்திலும் பண்பு கெடவில்லை. இடம் மிச்சமாகும் என்று தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவது தகாது. அதில் மனமும் மணமும் வேறுபடா; ஆங்கிலம் அறியாப் பெற்றோருக்கு அது பயன்படவும் செய்யாது.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிமுறைகளின் கீழ், நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் செய்தியின் வாசகத்தை முன்னரே பதிவு செய்தல் வேண்டும். ஆகவே சுருக்கும் பணியைப் பதிவுக்கு முன்பே முடித்துவிடுக. மாணவர் பெயர் போன்று மாறிவரும் இடங்களுக்கு, பட்டியலில் உள்ள மிக நீண்ட பெயரை வைத்தே எண்ணுக. இரண்டாவது, அனுப்பும் திரை காட்டும் எண்ணிக்கை நம் கணக்கினும் மிகுந்தால், கண்ணுக்குத் தெரியாத குறி ஏதோ ஒட்டியுள்ளது என்பது பொருள். 'கொ'வின் ஒகரக்குறி ஒன்றாக இராமல் ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாய்ப் பதிந்திருக்கவும் கூடும். வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டியதை நீக்கிவிட்டு, அச்சொல்லைப் புதிதாகத் தட்டச்சு செய்தால் கணக்கு நேராகும்.