மாம்பழப் பருவத்து மிச்சப் பணம்: கடனுக்கா, வைப்புக்கா?

கொல்லங்கோட்டை அடுத்த முதலமடையின் மாந்தோப்புகளிலிருந்து, நாட்டின் பிற பகுதி மாம்பழங்கள் சந்தைக்கு வருமுன்பே, தை மாதத்தில் காய்கள் வெளியூர் செல்லத் தொடங்கிவிடுகின்றன. அதனால் இவ்வட்டாரக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் ஒருசேர வந்து சேர்கிறது. செலவு போக மிஞ்சும் தொகையை வீட்டுக்கடனில் கட்டிவிடலாமா, வைப்பில் போட்டு வைக்கலாமா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். தோப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு வீட்டுக்கடனில் 20 லட்சம் ரூபாய் அசல் நிலுவை, வட்டி 8.5 விழுக்காடு, இன்னும் 15 ஆண்டுகள். மாதத் தவணை 19,695 ரூபாய். பருவம் முடிந்ததும் கையில் 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கிறது. நிரந்தர வைப்புக்கு 6.5 விழுக்காடு வட்டி கிடைக்கும் எனக் கொள்வோம்.

கடனில் முன்கூட்டிக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும், நாம் இனிச் செலுத்த வேண்டியிருந்த 8.5 விழுக்காடு வட்டியை மிச்சப்படுத்துகிறது. இந்த மிச்சத்துக்கு வருமான வரி கிடையாது. வைப்பு வட்டிக்கோ வரி உண்டு. வேளாண் வருமானத்துக்கு வரிவிலக்கு இருப்பதால், அந்தப் பணத்தை வைப்பில் போட்டுப் பெறும் வட்டிக்கும் விலக்கு உண்டு என்று பலர் எண்ணிவிடுகின்றனர்; அவ்வாறு இல்லை. 20 விழுக்காடு வரி செலுத்துவோருக்கு 6.5 என்பது 5.2 ஆகச் சுருங்கும். பழைய வரி முறையில் நீடித்து, வீட்டுக்கடன் வட்டிக்குக் கழிவு பெறும் சம்பளக்காரருக்கும் கடனின் உண்மைச் செலவு 6.8 விழுக்காடு, அப்போதும் கடனை அடைப்பதே மேல். பங்குச்சந்தை சார்ந்த பரஸ்பர நிதிகள் நீண்டகாலத்தில் 8.5 விழுக்காட்டைத் தாண்டலாம், தாண்டாமலும் போகலாம். கடன் வட்டி மிச்சமோ உறுதியானது.

அப்படியானால் 5 லட்சத்து 40 ஆயிரத்தையும் கட்டிவிடலாமே? கூடாது என்பதே எங்கள் கருத்து. பூக்கும் காலத்தில் பெய்யும் மழையும் இலைப்பேன் தாக்குதலும் ஒரு பருவத்தையே கெடுத்துவிடக்கூடியவை. கடனில் கட்டிய பணத்தை அப்போது திரும்பக் கேட்க முடியாது. நகையை அடகு வைத்து இதைவிடக் கூடுதல் வட்டிக்கு வாங்க நேரும். ஆகவே ஓராண்டுத் தவணைக்கு ஈடான ஏறத்தாழ 2 லட்சத்து 40 ஆயிரத்தை வைப்பில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய 3 லட்சத்தைக் கடனில் கட்டலாம். ஒரே வைப்பாகப் போடாமல் மூன்று நான்காகப் பிரித்துப் போட்டால், அவசரத்தில் ஒன்றை மட்டும் முறித்துக்கொள்ளலாம்.

மூன்று லட்சத்தைக் கட்டும்போது எழும் இரண்டாவது தேர்வில்தான் மிகுதியானோர் கவனம் தவறுகின்றனர். தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால், 180 மாதக் கடன் 134 மாதங்களில் முடிந்துவிடும். வட்டியில் ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய் மிச்சம். காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைத்தால், மாதத்துக்கு 2,954 ரூபாய் குறையும். ஆனால் வட்டி மிச்சம் ஏறத்தாழ 2 லட்சத்து 32 ஆயிரம் மட்டுமே. குறையும் தவணைப் பணம் மாதந்தோறும் நம் கையில் இருக்கிறது என்பதையும் கருத வேண்டும். ஆனால் அது சேமிப்பாக நிற்பது அரிது. ஒதுக்கீடு வைத்திருப்பவர் காலத்தைக் குறைக்கட்டும். மாதச் செலவே நெருக்குகிறது என்பவருக்குத் தவணைக் குறைப்பே பொருந்தும்.

வீட்டுக்கடனுக்குச் சொன்னது பயிர்க்கடனுக்குப் பொருந்தாது. கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகியகாலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 விழுக்காடு ஊக்கத்தள்ளுபடி கிடைப்பதால் 4 விழுக்காடாக அமையும். இதை முன்கூட்டி அடைக்க விரைவதில் பெரும் பயனில்லை. கெடுநாளைத் தவறவிடாமலிருப்பதே முக்கியம், தவறினால் அந்தத் தள்ளுபடி போய்விடும். (இக்கடனை வாங்கி வைப்பில் போட்டு வட்டி பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. பயிர்ச் செலவுக்கு மட்டுமே அளிக்கப்படும் கடன் அது.) நகைக்கடன் இருந்தால், அதன் வட்டி பெரும்பாலும் வீட்டுக்கடனைவிடக் கூடுதல் என்பதால், முதலில் அதை மீட்டுவிடுவது நன்று.

தனிநபர்கள் பெற்ற மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாதென ரிசர்வ் வங்கி 2012-இல் ஆணையிட்டது. நிலையான வட்டிக் கடனாயின் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பணம் செலுத்தும்போது, இது அசலில் கழிக்க வேண்டிய தொகை என்றும், தவணை மாறாமல் காலம் குறைய வேண்டும் என்றும் கிளையில் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால், வருந்தவணைகளுக்கான முன்பணமாக அது வரவு வைக்கப்பட வாய்ப்புண்டு. அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில் அசல் நிலுவை 17 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தால் தொகை சரியாகச் சேர்ந்திருக்கிறது. 20 லட்சத்தை ஒட்டியே நின்றால், அன்றே கிளைக்குச் சென்று திருத்திக்கொள்ளுங்கள்.